அம்மா அழுத்திய இலக்கம், அண்ணன் அனுப்பிய பணம்

கேள்வி: பொகவந்தலாவையில் இருக்கும் அம்மாவை ஒருவர் அழைத்து, பார்சல் வந்திருக்கிறது என்று சொல்லி, நட்சத்திரக் குறியோடு ஓர் இலக்கத்தை அழுத்தச் சொன்னார். அம்மா அழுத்தினார். சற்று நேரத்தில் அம்மாவின் வாட்ஸ்அப்பிலிருந்து வந்த செய்தியை நம்பி, கொழும்பில் கடையில் வேலை செய்யும் அண்ணன் 40,000 ரூபாய் அனுப்பிவிட்டார். அம்மாவின் போன் இப்போது மணியடிப்பதே இல்லை. தானே அழுத்தியதால் முறைப்பாடு செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையா? – வாசகி, ஹட்டன்

பதில்: உண்மையில்லை, தங்கச்சி. ஏமாற்றி, ஒருவர் தம் கையாலேயே ஒரு காரியத்தைச் செய்ய வைப்பதைத்தான் சட்டம் மோசடி என்கிறது. அம்மா மேல் பழி போடுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அவர் அழுத்தியது **21* என்று தொடங்கி, அந்த ஆளின் இலக்கத்தோடு # குறியில் முடிந்திருக்கும். "எனக்கு வரும் அழைப்புகளையெல்லாம் இந்த இலக்கத்துக்கு அனுப்பு" என்று தொலைபேசி நிறுவனத்துக்கு இடும் கட்டளை அது. கட்டளை போனில் இல்லை, நிறுவனத்தின் வலையமைப்பில் இருக்கிறது. போனை அணைத்துப் போட்டாலும் சிம்மை வேறு போனில் மாற்றினாலும் அது போகாது. சிக்னல் இருக்கும், வெளியே பேசலாம், உள்ளே மட்டும் எதுவும் வராது.

குறுஞ்செய்திகள் இந்த வழியில் திரும்புவதில்லை. அதனால்தான் அவன் வாட்ஸ்அப்பைத் தன் போனில் திறக்கும்போது, ஆறு இலக்கக் குறியீட்டைக் குறுஞ்செய்தியாகக் கேட்காமல் அழைப்பாகக் கேட்டிருப்பான். குறியீட்டை வாசிக்கும் குரல் நேரே அவன் காதுக்குப் போயிருக்கும்.

திருப்பலை நீக்க அவசரப்படாதீர்கள். முதலில் அம்மாவின் போனில் இதை அழுத்துங்கள்:

```
*#21#
```

அழைப்புகள் போகும் இலக்கம் பெரும்பாலும் திரையில் தெரியும். இன்னொரு போனால் அதைப் படம் எடுங்கள். உங்களிடம் இருக்கும் மிக நல்ல சாட்சி அதுதான். பிறகு இதை அழுத்தினால் எல்லாத் திருப்பலும் நீங்கும்:

```
##002#
```

அதன்பின் வாட்ஸ்அப்பை மீண்டும் நிறுவி, குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைப் போடுங்கள். உடனே அவன் வெளியேற்றப்படுவான். அவன் இரகசிய இலக்கம் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அவனாலும் அதைப் பயன்படுத்த முடியாது.

அண்ணன் இன்றே தன் வங்கிக்கு, பணம் போன கணக்கு இலக்கத்தை எழுத்தில் கொடுக்கட்டும். அந்தக் கணக்கில் பணம் எஞ்சியிருக்கும்போதே சொன்னால்தான் அதைத் தடுத்துவைக்க வழி உண்டு.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, அதிகாரமின்றி ஒருவரின் தகவலை அணுகினால் ஐந்து ஆண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். பணம் பறித்தது தண்டனைச் சட்டக் கோவையின் 403ஆம் பிரிவில் வரும். அந்த இலக்கம் யார் பெயரில் இருக்கிறது என்று நிறுவனம் உங்களிடம் சொல்லாது. பொலிஸ் விசாரணையில்தான் அது வெளிவரும். அதற்காகவே முறைப்பாடு வேண்டும்.

அம்மா தமிழிலேயே சொல்லட்டும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் வாசித்து விளக்கும்வரை அவர் கையெழுத்திட வேண்டாம். திரையில் தெரிந்த இலக்கமும் அழைப்பு வந்த நேரமும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.