ஸ்டீமில் 60 வீதம் கழிவு என்றால் உண்மையிலேயே மலிவா?

கேள்வி: என் விஷ்லிஸ்டில் உள்ள ஒரு கேமுக்கு 60 வீதம் விலைக்கழிவு என்று ஸ்டீமிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. இப்போதே வாங்கவா, டிசம்பர் சேல் வரை பொறுக்கவா? போன தடவை அவசரப்பட்டு வாங்கிய கேம் அடுத்த சேலில் இன்னும் இறங்கியது. – பல்கலைக்கழக மாணவர், வெள்ளவத்தை

பதில்: அந்த மின்னஞ்சல் விலை இறங்கியதைத்தான் சொல்கிறது தம்பி. அது நல்ல விலையா என்பதைச் சொல்லாது. கழிவு 20 வீதத்தைத் தொட்டாலே விஷ்லிஸ்டில் வைத்தவர்களுக்கு மின்னஞ்சல் போகும். அதனால் அதை ஒரு மணியோசையாக மட்டும் எடுத்துக்கொண்டு, வாங்க முன்னர் அந்த கேமின் பழைய விலைகளைப் பாருங்கள்.

பார்க்கும் இடம் steamdb.info. கேமின் பெயரைத் தேடித் திறந்தால் நாடு வாரியாக விலைப்பட்டியல் வரும். பலர் தடுமாறுவது இங்கேதான். நாம் டொலரில் வாங்குகிறோம் என்பதற்காக அமெரிக்க டொலர் வரிசையைப் பார்க்காதீர்கள். இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் போன்ற நாடுகளுக்குத் தெற்காசிய டொலர் என்று தனி வரிசை இருக்கிறது. பல வெளியீட்டாளர்கள் அதில் விலையைக் குறைத்து வைக்கிறார்கள், சிலர் அமெரிக்க விலையையே வைக்கிறார்கள். உங்கள் கடைப் பக்கத்தில் தெரியும் விலை எந்த வரிசையோடு ஒத்துப்போகிறதோ, அதன் விலை வரைபடத்தைத்தான் படிக்க வேண்டும்.

அந்த வரைபடம் படிக்கட்டு மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு, 20 டொலருக்கு வெளிவந்த ஒரு கேம் என்று வைத்துக்கொள்வோம். முதல் டிசம்பர் சேலில் 15, அடுத்த ஜூன் சேலில் 10, அதற்கடுத்த டிசம்பரில் 8. இந்தக் கட்டத்தில் அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் கேம். அவசரம் இல்லையென்றால் அடுத்த பெரிய சேல் வரை பொறுப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் அதன் பிறகு மார்ச், ஜூன் இரண்டிலும் அதே 8 டொலரில் நின்றிருந்தால் படிக்கட்டு முடிந்துவிட்டது. இன்னும் ஒரு டொலருக்காக ஒரு வருடம் காத்திருப்பது வீண். விளையாட நேரம் இருக்கும்போது வாங்கலாம். உங்கள் 60 வீதக் கேம் இந்த இரண்டில் எது என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

வீதத்தை நம்பாமல் தொகையைப் பார்க்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. விலையை ஏற்றினால் 30 நாட்களுக்குக் கழிவு கொடுக்க முடியாது என்பது ஸ்டீமின் விதி. அந்த 30 நாட்கள் கழிந்தால் கொடுக்கலாம். மே தொடக்கத்தில் 20 டொலரை 25 ஆக்கிவிட்டு, ஜூன் கடைசியில் 60 வீதக் கழிவு என்றால் விலை 10 டொலர். முன்பு 8க்குப் போன கேம்! அடிப்படை விலை எங்கே மேலே ஏறியது என்பது வரைபடத்தில் தெளிவாகத் தெரியும்.

நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா, மே மாதம் 360 அளவில். அதே 8 டொலர் கேம் 1,600 ரூபாவிலிருந்து 2,880 ரூபாவுக்குப் போனது, ஆனால் வரைபடத்தில் ஒரு கோடும் அசையவில்லை. அதனால் வாங்கும் நாளின் வங்கி விற்பனை விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உங்கள் கார்டில் என்ன கட்டணம் சேர்கிறது என்பதைப் பழைய கணக்குக் கூற்றில் பார்த்து அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது வரும் என்றால், ஸ்டீமின் பெரிய சேல்கள் வருடத்தில் நான்கு: மார்ச், ஜூன் கடைசி, இலையுதிர் காலம், டிசம்பர். திகதிகளை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். சாதாரணமாக ஒரு கழிவு முடிந்தால் அடுத்ததற்கு 30 நாட்கள் இடைவெளி வேண்டும், ஆனால் இந்த நான்குக்கும் அந்த இடைவெளி பொருந்தாது. ஆகவே நவம்பர் கடைசியில் சின்னக் கழிவு ஒன்று வந்தாலும் டிசம்பர் வாய்ப்பு போய்விடாது. சேல் தொடங்கிய பிறகு கடைசி நாளுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. மணிக்கணக்கில் விலை மாறும் பழைய முறையை 2015இலேயே நிறுத்திவிட்டார்கள், முதல் நாள் விலையே பொதுவாகக் கடைசி வரை நிற்கும்.

வாங்கிய கையோடு விலை இறங்கினால் பதற வேண்டாம். 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்டு, குறைந்த விலையில் மீண்டும் வாங்கலாம். இதைத் துஷ்பிரயோகமாகக் கருதமாட்டோம் என்று ஸ்டீமே எழுதி வைத்திருக்கிறது. சரி, ஆனால் பணம் கார்டுக்குத் திரும்பச் சில நாட்கள் எடுக்கும். சேல் முடிய முன்னர் கைக்கு வரவேண்டுமென்றால் ஸ்டீம் வாலட்டுக்குத் திருப்பித் தரும்படி கேளுங்கள்.