மூச்சுத்திணறல் உள்ள நோயாளிக்குச் செவிலியர் நோயறிதல் எழுதுவது எப்படி?

கேள்வி: என் நோயாளிக்கு சிஓபிடி. “சிஓபிடி காரணமாக வாயுப் பரிமாற்றக் குறைபாடு, சான்று: மூச்சுத்திணறல்” என்று கேர் பிளானில் எழுதினேன். காரணமும் தவறு, சான்றும் போதாது என்று ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படித் திருத்துவது? – செவிலியர் படிப்பு இரண்டாம் ஆண்டு மாணவி

பதில்: முதலில் சான்றைப் பார்ப்போம், ஏனென்றால் பிழை அங்கேதான் தொடங்குகிறது. மூச்சுத்திணறல் என்பது நோயாளி உணர்ந்து சொல்லும் ஒரு தொல்லை. சளி அடைத்தாலும் அது வரும், மூச்சுத் தசைகள் களைத்தாலும் வரும், நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு ஆக்சிஜன் சரியாகச் சேராவிட்டாலும் வரும். மூன்றுக்கும் பொதுவான ஓர் அறிகுறியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றில் எது என்று தீர்மானிக்க முடியாது. நீங்கள் பட்டியலிலிருந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குச் சான்று தேடியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வரிசையைத் திருப்புங்கள்: படுக்கையருகில் கண்டதையும் கேட்டதையும் அளந்ததையும் முதலில் எழுதி, அவை எந்தப் பெயரை நோக்கிக் கூடுகின்றன என்று பிறகு பாருங்கள்.

வகுப்பில் ஏர்வே கிளியரன்ஸ், பிரீதிங் பேட்டர்ன், கேஸ் எக்ஸ்சேஞ்ச் என்று சுருக்கிச் சொல்லப்படும் மூன்று நோயறிதல்களும் மூன்று வெவ்வேறு இடத்துக் கோளாறுகள். காற்று போகும் குழாயில் சளி தேங்கி, அதை நோயாளியால் வெளியேற்ற முடியாதது முதலாவது. காற்றை இழுத்து விடும் துருத்தி, அதாவது மார்புக்கூடும் அதன் தசைகளும், போதுமான அளவு இயங்காதது இரண்டாவது. காற்று உள்ளே போனாலும் காற்றறைகளுக்கும் இரத்தத்துக்கும் இடையே ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் சரியாக மாறிக்கொள்ளாதது மூன்றாவது. ஒரே நோயாளியிடம் மூன்றும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உரிய சான்று வேறு.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 64, பல ஆண்டுகள் புகைபிடித்தவர், சிஓபிடி உள்ளவர். மூன்று நாட்களாக இருமலும் கெட்டியான மஞ்சள் சளியும் அதிகரித்துள்ளன. முன்னால் குனிந்து, இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். மூன்று நான்கு சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச முடியவில்லை. சுவாச வேகம் நிமிடத்துக்கு 30. கழுத்துத் தசைகள் புடைத்து வேலை செய்கின்றன, மூச்சை வெளிவிட நீண்ட நேரமாகிறது. இருமல் வலுவற்றது, சளி தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. ஸ்டெதஸ்கோப்பில் இரு பக்கமும் கரகரவென்ற ஒலி கேட்கிறது, இருமிய பிறகு அது சற்று மாறுகிறது. ஆக்சிஜன் கொடுக்காத நிலையில் ஆக்சிஜன் செறிவு 86 சதவீதம். தமனி இரத்த வாயுப் பரிசோதனையில் பிஎச் 7.32, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 58, ஆக்சிஜன் அழுத்தம் 52. இரவு முழுவதும் அமைதியின்றி இருந்தவர், காலையிலிருந்து கூப்பிட்டால் மட்டும் கண் திறக்கிறார்.

இவற்றைப் பிரித்துப் பாருங்கள். கெட்டிச் சளி, வலுவற்ற இருமல், இருமினால் மாறும் கரகரப்பு ஆகிய மூன்றும் குழாயைச் சுட்டுகின்றன. கரகரப்பு இருமினால் மாறுகிறது என்ற குறிப்பை மாணவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. அந்த ஒலி தேங்கிய சளியால் வருகிறது என்று சொல்ல அதைவிட எளிய ஆதாரம் இல்லை. சுவாச வேகம், கழுத்துத் தசைகளின் உழைப்பு, நீண்ட வெளிமூச்சு, ஊன்றி உட்காரும் நிலை ஆகியவை துருத்தியைச் சுட்டுகின்றன. செறிவு, இரத்த வாயு எண்கள், அமைதியின்மையைத் தொடர்ந்து வந்த மயக்கக் கலக்கம் ஆகியவை வாயுப் பரிமாற்றத்துக்குரியவை. கேஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரை எழுதிவிட்டு சுவாச வேகத்தை மட்டும் சான்றாகக் காட்டினால், படிப்பவருக்கு அது பிரீதிங் பேட்டர்ன் என்றே தோன்றும். உங்கள் வாக்கியத்தில் நேர்ந்ததும் இதற்கு நெருக்கமான ஒன்றுதான்.

இனி காரணம். சிஓபிடி என்பது மருத்துவர் கண்டறிந்த நோய். செவிலியர் தன் பணியால் அதை மாற்ற முடியாது. நோயறிதல் வாக்கியத்தின் நடுப்பகுதியில் நிற்க வேண்டியது, நீங்கள் தலையிட்டால் குறையக்கூடிய ஒன்று. அதற்கு நான் பயன்படுத்தும் சோதனை எளிது: காரணத்தைப் படித்தவுடன் அடுத்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் செய்யப்போகும் ஏதாவது ஒரு வேலை மனத்தில் தோன்ற வேண்டும். “சிஓபிடி காரணமாக” என்று படித்தால் எதுவும் தோன்றாது. “கெட்டியாகித் தேங்கிய சளியும் களைப்பால் வலுவிழந்த இருமலும் காரணமாக” என்று படித்தால், நிமிர்த்தி உட்கார வைப்பது, மருத்துவர் எழுதிய நெபுலைசர் மருந்தைக் கொடுத்த பிறகு இருமச் செய்வது, வாயைத் திறந்து “ஹா” என்று காற்றைத் தள்ளி இருமும் முறையைக் கற்பிப்பது, நீர் அருந்துவதற்குத் தடையில்லை என்றால் அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுப்பது என்று வேலைகள் தாமே வந்து நிற்கும். நோயின் பெயரைக் குறிப்பிட உங்கள் கல்லூரி அனுமதித்தால், “சிஓபிடியின் பின்னணியில்” என்று காரணத்துக்குப் பின்னால் சேர்க்கலாம். காரணத்தின் இடத்தில் அதை அமர்த்தக் கூடாது. செவிலியர் தானாக மாற்ற இயலாத நோய்நிலைகளை நாண்டா பட்டியலின் அண்மைப் பதிப்புகள் தொடர்புடைய நிலைமைகள் என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கின்றன. பழைய பதிப்பை வைத்துப் பயின்ற ஆசிரியர் ஒருவரும் புதிய பதிப்பை வைத்துப் பயின்ற ஒருவரும் ஒரே வாக்கியத்துக்கு வேறு வேறு மதிப்பெண் தருவது இதனால்தான்; உங்கள் துறை எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காரணத்தில் இன்னொரு பிழை கண்ணுக்குத் தெரியாமல் நுழையும். “ஆக்சிஜன் குறைவு காரணமாக வாயுப் பரிமாற்றக் குறைபாடு, சான்று: ஆக்சிஜன் செறிவு 86” என்று எழுதினால், காரணமும் பிரச்சினையும் சான்றும் ஒரே செய்தியை மூன்று முறை சொல்கின்றன. ஆக்சிஜன் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

மேற்கண்ட நோயாளிக்கு நான் எழுதக்கூடியவை இவை:

“தேங்கிய சளியும் மூச்சுத் தசைகளின் களைப்பும் காரணமாக வாயுப் பரிமாற்றக் குறைபாடு, சான்று: ஆக்சிஜன் கொடுக்காத நிலையில் செறிவு 86 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 58, பிஎச் 7.32, இரவில் அமைதியின்மை, காலையில் மயக்கக் கலக்கம்.”

“கெட்டியான சளியும் களைப்பால் வலுவிழந்த இருமலும் காரணமாகச் சுவாசப்பாதையைச் சளியின்றி வைத்திருக்க இயலாமை, சான்று: வெளியேறாத மஞ்சள் சளி, இரு பக்கமும் இருமிய பின் மாறும் கரகரப்பு ஒலி.”

இரண்டாவது வாக்கியத்தில் வலுவற்ற இருமலைக் காரணத்தில் வைத்துவிட்டதால் சான்றில் மீண்டும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். சுவாச முறைக்கு மூன்றாவதாக ஒன்று எழுதலாம். ஆனால் இந்த நோயாளிக்கு அதன் வேலைகளில் பாதி, உட்காரும் நிலையும் உதடு குவித்து மூச்சுவிடுதலும் ஓய்வும், முதல் வாக்கியத்தின் திட்டத்திலேயே அடங்கிவிடும். பெயர்களை அடுக்குவதைவிடத் தேவையான இரண்டை நன்றாக எழுதுவது மேல் என்பது என் கருத்து.

சுவாசப்பாதைதானே முதலில் வர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பாதை முழுவதுமாக அடைபட்டிருந்தால் அதற்கே முதலிடம். இவர் துண்டு துண்டாகவேனும் பேசுகிறார், காற்று போய் வருகிறது. உயர்ந்த கார்பன் டை ஆக்சைடுடனும் தாழ்ந்த பிஎச்சுடனும் மயக்கக் கலக்கம் சேர்ந்திருப்பதுதான் இப்போது ஆபத்து. இத்தகைய நோயாளியின் சுவாச வேகம் 30-லிருந்து 14-க்கு இறங்கி, அவர் அமைதியாக உறங்குவதுபோல் தோன்றினால், அதை முன்னேற்றம் என்று எழுதிவிடாதீர்கள். தசைகள் கைவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்காமல் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். கடும் சுவாசச் செயலிழப்பு செவிலியர் தனியாகக் கையாளும் நோயறிதல் அல்ல.

எண்களைச் சான்றாக எழுதும்போது அவற்றின் சூழலையும் எழுதுங்கள். “செறிவு 91” என்பது ஆக்சிஜன் இல்லாமலா, நிமிடத்துக்கு 2 லிட்டர் கொடுத்தபோதா என்று தெரியாவிட்டால் அது பாதிச் சான்றுதான். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ பல்ஸ் ஆக்சிமீட்டர் தவறாகக் காட்டக்கூடும். கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அந்தக் கருவி காட்டவே காட்டாது. ஆகவே செறிவு 97 என்று உயர்ந்தது இவரைப் போன்றவருக்கு நற்செய்தியாக இருக்க வேண்டியதில்லை. கார்பன் டை ஆக்சைடு தேங்கும் சிஓபிடி நோயாளிகளுக்கு வழக்கமாக 88 முதல் 92 சதவீதம் வரை இலக்காக வைக்கப்படுகிறது. சுவாச வேகத்தை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்காமல், நோயாளி அறியாதபடி ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கேர் பிளான்களில் 20, 24, 28 என்ற எண்களே திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால் யார் எப்படி எண்ணினார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்னும் நேராத, ஆனால் நேரக்கூடிய பிரச்சினைக்கு எழுதும் வாக்கியத்தில் சான்று இருக்காது, அபாயக் காரணி மட்டுமே இருக்கும். உட்கார்ந்த நிலையிலேயே பல மணி நேரம் இருப்பதால் தோல் புண்ணாகும் அபாயம் என்பது இவருக்குப் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டு.

சான்றைச் சரியாக எழுதியிருந்தால் இலக்குக்குத் தனியாக யோசிக்க வேண்டியதில்லை. அதே சான்றைத் திருப்பி, நேரம் குறித்து எழுதினால் போதும். “இரண்டு மணி நேரத்துக்குள் நோயாளி சளியைத் துப்பி வெளியேற்றுவார், இருமிய பின் கரகரப்பு குறைந்திருக்கும்” என்பது இரண்டாவது வாக்கியத்தின் இலக்கு. “நோயாளி நன்றாக மூச்சுவிடுவார்” என்று எழுதினால், இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது எதைப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று குறிப்பீர்கள்?