ஏணியை எடுத்துவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பில் ஞாயிறு மாலைகளில் கூடும் இளைஞர்களுக்காக ஒன்றரை நிமிட வீடியோ ஒன்று தயாரிக்கிறேன். பிரார்த்தனை, தியானம், வழிபாடு மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒன்றுமே தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எல்லா மதத்தவரும் பார்ப்பார்கள். ‘பிரார்த்தனை என்றால் நாம் கடவுளிடம் பேசுவது, தியானம் என்றால் கடவுள் பேசுவதை நாம் கேட்பது’ என்று தொடங்குகிறேன். பிறகு ஓர் ஏணிப் படம்: பிரார்த்தனை முதல் படி, வழிபாடு நடுப்படி, தியானம் உச்சிப்படி. இது சரியா? பின்னணிக்குப் புல்லாங்குழலா வீணையா என்றும் குழப்பம்.

க.

அன்புள்ள க.,

இசை எதுவாகவும் இருக்கட்டும், இல்லாமலும் இருக்கட்டும். ஒன்றரை நிமிடம் போதுமா என்றும் நான் கேட்கப்போவதில்லை. சுந்தரர் இதை நாலு வரியில் முடித்திருக்கிறார், அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டு மாதமாக இதே விஷயம் வேறொரு காரணத்துக்காக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்தப் பேசுவது-கேட்பது வாக்கியம். காலை வணக்கப் படங்களில் ரோஜாப்பூவுக்குக் கீழே வரும் வாக்கியம் அது. காதுக்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். மூச்சைக் கவனித்து உட்கார்ந்திருக்கும் பௌத்தர் எந்தக் கடவுள் பேசுவதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சமணர் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், சாமாயிகம் என்ற தியானத்தில் அமர்கிறார். உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவர் அவருக்குக் கிடையவே கிடையாது. எல்லா மதத்தவரும் பார்ப்பார்கள் என்று நீங்களே எழுதிவிட்டு, முதல் வரியிலேயே பாதிப் பேரை வெளியே அனுப்பினால் எப்படி?

உங்கள் குடியிருப்பில் இருக்கும் முஸ்லிம் நண்பர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். தொழுகை வேறு, துஆ வேறு என்று அவர் வீட்டுச் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். தொழுகைக்கு நேரம் உண்டு, திசை உண்டு, நிற்பது குனிவது நெற்றியைத் தரையில் வைப்பது என்று வரிசை உண்டு. துஆ என்பது கையேந்திக் கேட்பது. மகளுக்குக் காய்ச்சல் என்றால் அதைச் சொல்லியே கேட்கலாம். கிறிஸ்தவ வீடுகளிலும் ஆராதனைக்குப் போகிறோம் என்பது ஒன்று, ஜெபம் பண்ணுங்கள் என்பது இன்னொன்று. கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் தியானத்துக்குப் போவது மூன்றாவது. நாம்தான் ‘சாமி கும்பிட்டுட்டு வரேன்’ என்று எல்லாவற்றையும் ஒரே பைக்குள் போட்டுக்கொண்டு போகிறோம். பையைத் திறந்து காட்டினால் போதும், உங்கள் வீடியோ முடிந்துவிடும்.

எங்கே வைத்துத் திறப்பது? தெருமுனைப் பிள்ளையாரிடம். தலையில் குட்டிக்கொண்டே ‘சுக்லாம்பரதரம் விஷ்ணும் சசிவர்ணம் சதுர்புஜம்’ என்று எத்தனை பேர் முணுமுணுக்கிறார்கள்! வெள்ளை ஆடை உடுத்தவர், எங்கும் நிறைந்தவர், நிலாவின் நிறம், நான்கு கை, அடுத்து மலர்ந்த முகம். அதற்கு அடுத்த சொல் ‘த்யாயேத்’. தியானிக்க வேண்டும் என்று பொருள். அதாவது அது ஒரு செய்முறைக் குறிப்பு. ஆடையை நினை, நிறத்தை நினை, கையை எண்ணு, முகத்தைப் பார் என்கிறது. நாம் குறிப்பை மட்டும் வேகமாகப் படித்துவிட்டு, செய்யாமல் நகர்கிறோம். சமையல் குறிப்பைச் சத்தமாக வாசித்துவிட்டு இலையைப் போடுவது மாதிரி.

மனசை ஒன்றின்மேல் வைத்திருப்பதுதான் தியானம். அது பிள்ளையார் முகமாக இருக்கலாம், மூச்சாக இருக்கலாம். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். மனம் ஓடிவிட்டது, தியானம் கெட்டுவிட்டது என்று ஐந்தாவது நிமிடம் எழுந்துவிடுவார்கள். ஓடியதைக் கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டுவந்து வைப்பதுதான் அங்கே வேலையே என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உண்மையிலேயே கெட்டுப்போனால் அடையாளம் வேறு. மோவாய் நெஞ்சில் வந்து இடிக்கும். அதற்குப் பேர் தூக்கம்.

இப்போது உள்ளே குருக்களைப் பாருங்கள். இருக்கை கொடுக்கிறார், கால் கழுவ நீர், கைக்கு நீர், குடிக்க நீர், குளியல், துணி, சந்தனம், பூ, தூபம், தீபம், சாப்பாடு. வீட்டுக்கு வந்த சம்பந்திக்குச் செய்கிற உபசாரம்தான், பெயரும் உபசாரம்தான். இதில் எங்கேயாவது ‘எனக்கு இதைக் கொடு’ என்று வருகிறதா? வராது. வழிபாடு என்றால் எதிரில் இருப்பவருக்குச் செய்வது. அதற்கு வரிசை உண்டு. வரிசை முடிந்தால் முடிந்தது. மனசு அன்றைக்குச் சரியில்லை என்றாலும் குருக்கள் தீபத்தைக் காட்டியே ஆக வேண்டும். உங்களுக்காக இன்னொருவர் செய்யவும் முடியும், அர்ச்சனைச் சீட்டு அதற்குத்தான். உங்களுக்காக இன்னொருவர் தியானம் செய்வதற்குச் சீட்டு எங்கேயும் கிடையாது. தொடக்கக்காரர்களுக்கு இந்த ஒரு வித்தியாசம் நன்றாகப் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, அதே சுலோகம் ‘எல்லாத் தடையும் அடங்க’ என்று முடிகிறது. அது வேண்டுதல். ஒரே ஆள், ஒரே இடம், அரை நிமிடம், மூன்றும் இருக்கின்றன. படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏணிக்கு வருகிறேன். வேண்டுவது கீழ்ப்படி என்று உங்களுக்கு யார் தம்பி சொன்னது?

குண்டையூர்க் கிழார் என்று ஒரு வேளாளர். திருவாரூரில் சுந்தரர் வீட்டுக்கு நெல், பருப்பு அனுப்பிக்கொண்டிருந்தவர். மழை பொய்த்து, அனுப்ப ஒன்றுமில்லாமல் போகிறது. சாப்பிடாமல் படுத்துவிடுகிறார். காலையில் எழுந்து பார்த்தால் ஊரை அடைத்துக்கொண்டு மலை மாதிரி நெல், சிவன் அருளியது என்கிறது பெரியபுராணம். இப்போது சிக்கல் வேறு. அவ்வளவு நெல்லையும் திருவாரூருக்குச் சுமக்க ஆள் எங்கே போவது? சுந்தரர் பக்கத்தில் இருக்கும் திருக்கோளிலிக்குப் போய்ப் பாடுகிறார். இன்று திருக்குவளை, கலைஞர் பிறந்த ஊர் என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும்.

நீள நினைந்தடியேன் உமை நித்தலும் கைதொழுவேன்
வாளன கண்மடவாள் அவள் வாடி வருந்தாமே
கோளிலி எம்பெருமான் குண்டையூர்ச் சிலநெல்லுப் பெற்றேன்
ஆளிலை எம்பெருமான் அவை அட்டித் தரப்பணியே

நிதானமாகப் படியுங்கள். ‘நீள நினைந்து’, இது தியானம். ‘நித்தலும் கைதொழுவேன்’, இது வழிபாடு. அப்புறம் பாட்டு எங்கே போய் முடிகிறது? ‘ஆள் இல்லை, கொண்டுபோய்ப் போடச் சொல்லு’ என்பதில். உங்கள் ஏணிப்படி பார்த்தால் சுந்தரர் உச்சியில் ஏறிவிட்டுக் கீழே குதித்துவிட்டார். நெல் மூட்டைக்காக! அதுவும் தனக்காக இல்லை, வீட்டில் மனைவி பரவை பட்டினியில் வாடக் கூடாது என்பதற்காக. மலையளவு நெல்லைச் ‘சில நெல்லு’ என்கிறார் பாருங்கள். பெரிய உதவி கேட்கப்போகிறவர் சாமானைச் சின்னதாக்கிச் சொல்கிறார். லாரிக்காரரிடம் ‘கொஞ்சம் சாமான்தான் அண்ணே’ என்று நாம் சொல்வோமே, அந்தத் தொனி. பாட்டுக்குப் பாட்டு இதே ‘அட்டித் தரப்பணியே’தான். பாடிய அன்றிரவே பூதகணங்கள் வந்து நெல்லைச் சுமந்து போய் ஆரூர்த் தெருக்களை அடைத்தன. அவரவர் வாசலில் கிடப்பதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பரவை முரசறைவித்தார் என்று கதை முடிகிறது.

நீள நினைத்ததாலும் நித்தம் தொழுததாலும்தான் அவரால் அப்படிக் கேட்க முடிந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். நினைப்பது உயர்வு, கேட்பது தாழ்வு என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவு கோபம் உங்கள்மேல் இல்லை. இருபத்தைந்து வயதில் இதே ஏணியை நானும் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எங்கேயோ பத்து நாள் வகுப்பில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வந்து, அம்மா பூசையலமாரி முன்னால் நிற்கும்போது, ‘கேக்கறதெல்லாம் வியாபாரம்மா’ என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘உனக்கு ஒண்ணும் வேண்டாம்னா சரி. எனக்கு வேணுமே’ என்றாள்.

அவள் கேட்கும் முறை ஒன்றேதான். வெள்ளைத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து, மஞ்சள் நீரில் நனைத்து, கொடியில் காய வைத்து, ஒரு ரூபாயை நடுவில் வைத்து முடிவாள். முடியும்போது வாய் அசையும், சத்தம் வராது. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது முடிந்ததை நான் பாயில் படுத்தபடி பார்த்திருக்கிறேன். காரியம் ஆனதும் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். கேட்டதோடு அவளுக்கு வேலை முடியாது, கொண்டுபோய்க் கட்டும்வரை அது கடன்.

இரண்டு மாதம் முன்பு அம்மா போய்விட்டாள். பூசையலமாரியின் பின்பக்கம் பிஸ்கட் டப்பா ஒன்றில் மூன்று முடிச்சு இருந்தது. எந்தச் சாமிக்கு, யாருக்காக, நடந்ததா நடக்கவில்லையா, ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. யாருக்கென்று தெரியாவிட்டால் குலதெய்வத்துக்குத்தான் என்றாள் பெரியம்மா. எடுத்துக்கொண்டு போனேன். உண்டியல் வாய்க்குள் முடிச்சோடு நுழையவில்லை. அவிழ்த்துக் காசை மட்டும் போடுங்கள் என்றார் பூசாரி. நகத்தை வைத்து எவ்வளவு நெம்பியும் அசையவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் மஞ்சள்.

வீடியோ முடிந்ததும் அனுப்புங்கள். ஏணி இருந்தால் பார்க்க மாட்டேன்.