ஹால் டிக்கெட்டுக்கு 399 ரூபாயா?

கேள்வி: ஐயா, என் மகள் குரூப் 4 எழுதப்போகிறாள். "ஹால் டிக்கெட் வந்துவிட்டது, இன்று இரவுக்குள் 399 ரூபாய் கட்டி எடுத்துக்கொள்ளவும்" என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தது. அரசு முத்திரையெல்லாம் இருந்ததால் நம்பிக் கட்டிவிட்டோம். நேற்றிலிருந்து 'சரிபார்க்கப்படுகிறது' என்றே நிற்கிறது. ஏமாந்துவிட்டோமா?
- ஒரு தாய், ஏற்காடு

பதில்: ஆமாம் அம்மா, ஏமாற்றிவிட்டார்கள். டிஎன்பிஎஸ்சி ஹால் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், குரூப் 4-க்குத் தேர்வுக் கட்டணம் 100 ரூபாய், அதிலும் சில பிரிவினருக்கு விலக்கு உண்டு. இதெல்லாம் விண்ணப்பிக்கும்போதே முடிந்துவிடுகிற கணக்கு. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துத் தருவதற்கு இருபது, முப்பது கேட்டால் அது கடைக்காரரின் கூலி. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய லிங்கைப் பார்த்தேன். `tnpsc-gov.in` என்ற பாணியில் இருக்கிறது. இணைய முகவரியில் `https://` என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். உண்மையான `tnpsc.gov.in` முகவரியின் வால் `gov.in`. அது அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு போட்டுவிட்டால் வால் வெறும் `.in` ஆகிவிடுகிறது. அதைக் கொஞ்சம் பணம் கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தையும் நம்பாதீர்கள். நாம் அடிப்பதை வழியில் மூன்றாம் ஆள் படிக்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேர்வாணையத்தின் விண்ணப்பத் தளமான `tnpscexams.in` என்பதன் வாலிலும் `gov` இல்லை. ஆனால் அது உண்மையானது. அதனால் வாலை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. `tnpsc.gov.in` என்று கையால் தட்டச்சு செய்து, அங்கிருந்து ஹால் டிக்கெட் பக்கத்துக்குப் போங்கள். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவதும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வருவதும் வேண்டாம்.

அப்புறம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். அந்தப் பக்கத்தில் விண்ணப்ப எண்ணாக 12345 என்றும், பிறந்த ஆண்டு 2030 என்றும் போட்டேன். இன்னும் பிறக்காத எனக்கும் "உங்கள் ஹால் டிக்கெட் தயார்" என்று வந்தது! அடுத்த பக்கத்தில் பணம் கேட்டது. உண்மையான தளம் எண்ணையும் பிறந்த தேதியையும் தன் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் பிழை என்று சொல்லி நிறுத்திவிடும். யுபிஐ செயலியில் பின் அடிக்கும் முன் வரும் பெயரையும் கவனியுங்கள். உங்கள் ரசீதில் இருப்பது ஒரு தனி மனிதரின் பெயர். அரசுக் கட்டணம் அப்படி யார் கணக்குக்கும் போகாது.

இப்போது செய்ய வேண்டியது: சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப்போவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு. ஒரு நாள் போய்விட்டதால் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ரசீதில் யுடிஆர் என்று 12 இலக்க எண் இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியிலும் சொல்லுங்கள். எழுத்துப் புகாரை `cybercrime.gov.in` தளத்தில் வீட்டிலிருந்தே கொடுக்கலாம். இதற்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வர வேண்டியதில்லை.

399 ரூபாயைவிட எனக்கு இன்னொரு கவலை. மகள் அங்கே ஒருமுறைப் பதிவின் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால், உண்மையான தளத்துக்குப் போய் உடனே மாற்றச் சொல்லுங்கள். மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டு என்றால் அதையும்.

கேள்வி: ஏதோ ஒரு துறையில் 200 காலியிடம் என்று பிடிஎஃப் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் 500 ரூபாயாம். நிஜமா என்று எப்படிப் பார்ப்பது?
- ஒரு பட்டதாரி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: பிடிஎஃப்பில் இருக்கும் முத்திரையும் கையெழுத்தும் வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். அதனால் பிடிஎஃப்பை ஆராய்ந்து பயனில்லை. அதிலுள்ள அறிவிக்கை எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அந்தத் துறையின் சொந்தத் தளத்தில் அறிவிக்கைப் பட்டியலைப் பாருங்கள். அங்கே அதே எண் இருந்தால், அங்கிருந்தே பிடிஎஃப்பை மறுபடி இறக்கி, கட்டணமும் கடைசித் தேதியும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். பழைய உண்மையான அறிவிக்கையை எடுத்துத் தேதியையும் பணம் கட்டும் வழியையும் மட்டும் மாற்றி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டியலில் அந்த எண்ணே இல்லையென்றால் 500 ரூபாயைக் கட்டாதீர்கள்.