மூன்றெழுத்து விலங்குக்கு எத்தனை விடை?

"எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறுதோறும் ஒரு புதிர் போடுகிறேன். போன வாரம் போட்டது இது: 'மூன்றெழுத்து விலங்கு. நாலு கால் உண்டு, வேகமாக ஓடும். அது என்ன? சரியாகச் சொல்பவரே அறிவாளி!' விடை குதிரை. முயல், ஓநாய் என்றவர்களிடம் தப்பு என்றேன், கோபித்துக்கொண்டார்கள். இந்த வாரம் ஒருவரும் பதில் எழுதவில்லை. எப்படி மாற்றி எழுதலாம்?"

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முயலுக்கும் மூன்றெழுத்து, நாலு கால், நல்ல ஓட்டம். ஓநாயும் அப்படித்தான். உங்கள் மனதில் குதிரை இருந்ததைத் தவிர அந்த விடைகளில் வேறு குறை இல்லை. முதலில் அவர்களுக்கு "உங்கள் விடையும் பொருந்துகிறது" என்று எழுதிவிடுங்கள்.

இனி புதிருக்கு வருவோம். கால், ஓட்டம் எல்லாம் பல விலங்குகளுக்குப் பொது. குதிரை என்ற சொல்லுக்கு மட்டும் உரியது எது என்று பாருங்கள். கடைசி எழுத்து போனால் குதி. முதல் எழுத்து போனால் திரை. நடு எழுத்து போனால் குரை. ஒரே சொல்லுக்குள் மூன்று சொற்கள்! இவ்வளவு நல்ல சரக்கை வைத்துக்கொண்டு நாலு காலைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. "நடு எழுத்தை எடுத்தால் நாய் செய்யும் வேலை" என்று மட்டும் எழுதினால், கரடி என்று ஒருவர் வருவார். கரடியின் நடு எழுத்து போனால் கடி. அதுவும் நாய் செய்வதுதானே! ஆகவே குரைப்பதை மட்டும் குறிக்கும்படி குறிப்பை இறுக்க வேண்டும். "எடுத்தால்" என்ற சொல்லும் வம்பு. அந்த எழுத்தை எடுத்துக்கொள்வதா, எடுத்து எறிவதா? "போனால்" என்று எழுதினால் குழப்பம் இல்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

மூன்றெழுத்து விலங்கு நான்.
கடைசி எழுத்து போனால் உங்களைத் துள்ளச் சொல்வேன்.
முதல் எழுத்து போனால் நாடக மேடையை மறைப்பேன்.
நடு எழுத்து போனால் நாயைக் கூப்பிட்டு ஊரை எழுப்பச் சொல்வேன்.
நான் யார்?

வரிசையைக் கவனியுங்கள். துள்ளு, தாவு, ஆடு என்று பலவும் தோன்றக்கூடிய குறிப்பு முதலில் வருகிறது. அதிலேயே விடை விழாது, யோசனை மட்டும் கிளம்பும். சட்டென்று பிடிபடும் நாய் கடைசியில். அதோடு, குதி, குரை இரண்டும் ஏவல் சொற்கள் என்பதால்தான் இரண்டு இடத்திலும் "சொல்வேன்" என்று வைத்தேன். "நான் ஒரு துள்ளல்" என்று எழுதியிருந்தால் விடைக்கும் குறிப்புக்கும் இலக்கணம் ஒட்டாது. கண்டுபிடித்தவருக்கும் 'இதுதானா?' என்ற சந்தேகம் நிற்கும்.

எழுத்தை எண்ணுவதிலும் சண்டை வரும். முயல் மூன்றெழுத்து என்பது 'ல்' என்ற புள்ளி எழுத்தையும் சேர்த்துத்தான். எழுத்தெண்ணிப் பாடும் கட்டளைக் கலித்துறைப் பாட்டு பழகிய பெரியவர் புள்ளி எழுத்தை விட்டுவிட்டு எண்ணி இரண்டு என்பார். குதிரையில் புள்ளி எழுத்தே இல்லை, அதனால் இந்தத் தடவை தப்பித்தோம். விடையில் புள்ளி எழுத்து இருந்தால் "புள்ளி எழுத்தும் சேர்த்து" என்று ஒரு சொல் போட்டுவிடுங்கள்.

அப்புறம் பதில் வரும் வழி. "சொல்பவரே அறிவாளி" என்ற வரியை எடுத்துவிடுங்கள். தெரியாதவர் வாயை அது அடைத்துவிடுகிறது. தெரிந்தவர் முதல் நிமிடமே விடையை எழுதிவிட்டால் மற்றவர்களுக்கு வேலையும் இல்லை. அதற்குப் பதிலாக, "கண்டுபிடித்தவர்கள் விடையைச் சொல்லாமல், அதோடு தொடர்புள்ள ஒரே ஒரு சொல்லை எழுதுங்கள். முடியாதவர்கள் 'இன்னொன்று' என்று எழுதினால் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு குறிப்புத் தருகிறேன்" என்று முடியுங்கள். ஒருவர் லாயம் என்பார், ஒருவர் கொள்ளு என்பார், இன்னொருவர் சதுரங்கம் என்பார். ஒவ்வொரு பதிலும் அடுத்தவருக்குப் புதுக் குறிப்பாகிவிடும். விடை தெரியாதவருக்கும் ஒரு சொல்லில் பதில் எழுத இடம் கிடைக்கும்.

போடுவதற்கு முன் வீட்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வேறு விடை ஒன்று எல்லா வரிக்கும் பொருந்தினால் வரியை மாற்றுங்கள். ஒரு வரிக்கு மட்டும் பொருந்தினால் விட்டுவிடலாம், மற்ற வரிகள் அதைத் தள்ளிவிடும்.

அடுத்த ஞாயிறுக்கு அந்த ஓநாயையே எடுத்துக்கொள்ளலாம். முதல் எழுத்து போனால் நாய், நடு எழுத்து போனால் ஓய். கடைசி எழுத்து போனால் ஒன்றும் தேறாது, அதனால் இரண்டு வரியோடு நிறுத்துங்கள். புள்ளி எழுத்தைச் சொல்ல மறக்க வேண்டாம்.