திண்ணை வெளிச்சத்தில் ஒரு செல்ஃபி

கேள்வி: செல்ஃபி எடுத்தால் மூக்கு பெரிதாக, கண்ணுக்குக் கீழே கருப்பாக, கழுத்தே இல்லாததுபோல் வருகிறது. ஃபில்டர் போட்டால் வேறு யாரோபோல் இருக்கிறேன். ஃபில்டர் இல்லாமல் நன்றாக எடுக்க என்ன வழி?

பதில்:

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஓண விடுமுறைக்குக் கோவையிலிருந்து வந்திருந்த என் தங்கை மகளும் இதே குறையைத்தான் சொன்னாள். கூடத்தில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து எடுத்த படத்தைக் காட்டி, "இது என் மூக்கே இல்லை மாமா" என்றாள். அவள் சொன்னது சரிதான்.

முழங்கையை மடக்கிப் பிடித்தால் போன் மூக்கு நுனியிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி இருக்கும். காது அதற்கும் 10 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தால், காதோடு ஒப்பிட மூக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகப் பதிகிறது. போனை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் கணக்கு 150-க்கு 160. அந்தச் சிறு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் உங்களை ஏறக்குறைய அந்தத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறார். எந்த ஃபில்டரும் இதை ஒழுங்காகச் சரிசெய்து நான் பார்த்ததில்லை.

அதனால் போனைக் கையில் பிடிக்கவே வேண்டாம் என்றேன். ஜன்னல் கம்பியிலோ, தூணோரம் அடுக்கிய புத்தகங்களின் மேலோ சாய்த்துவைத்து, டைமரைப் 10 வினாடிக்கு வைத்துக்கொள்ளலாம். முகம் சட்டத்தின் நடுவில் இருக்கட்டும். ஓரத்துக்குப் போனால் இழுபடும். பிறகு வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். 12 மெகாபிக்சல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினாலும் 3 மெகாபிக்சல் மிஞ்சும். வாட்ஸ்அப் முகப்புப் படத்துக்கு அது தாராளம்.

கண்ணுக்குக் கீழே இருந்த கருப்புக்குக் காரணம் தலைக்கு மேல் இருந்த டியூப்லைட். உச்சி வெயிலும் இதையேதான் செய்யும். புருவத்தின் நிழல் கண்குழியில் விழுகிறது, மூக்கின் நிழல் உதட்டில் விழுகிறது. வெளிச்சம் முன்னாலிருந்து, சற்று மேலிருந்து, அகலமாக வர வேண்டும். அதற்கு ஓட்டு வீட்டுத் திண்ணையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. எங்கள் திண்ணை கிழக்குப் பார்த்தது. மாலை நான்கு மணிக்குச் சூரியன் வீட்டுக்குப் பின்னால் போய்விடும், எதிரே வானம் மட்டும் திறந்திருக்கும். ஓட்டு விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே, வாசலைப் பார்த்து அவளை நிற்கவைத்தேன். வாசலில் போட்டிருந்த சிமெண்டுத் தரை கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, கண்ணுக்குக் கீழிருந்த கருப்பைப் பெரும்பாலும் போக்கிவிட்டது.

நிற்கும் இடம் சரிதானா என்பதைக் கருவிழி சொல்லிவிடும். அதன் மேல்பாதியில் வெள்ளையாக ஒரு பொட்டு மின்ன வேண்டும். அது இல்லாவிட்டால், தெரியும்வரை மெல்லத் திரும்புங்கள்.

முதல் படத்தில் அவளுடைய இடது கன்னம் பச்சையாக வந்தது. திண்ணையோரம் நின்ற வாழைக்கூட்டம்தான் காரணம். இரண்டடி நகர்ந்ததும் சரியாயிற்று. நீலச் சுவர், சிவப்புத் தார்ப்பாய் எல்லாமே இப்படி நிறத்தை அப்பும். அவளுக்குப் பின்னால் வீட்டுக்குள் இருட்டாக இருந்ததால், போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளிறவைத்தது. திரையில் முகத்தின் மேல் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்தோம். அவளுடைய மாநிறம் அப்படியே வந்தது. அந்த நிறத்தை வெளுக்கவைக்கும் பியூட்டி மோடை அணைத்துவிடும்படி எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். பல போன்களில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும்.

கழுத்து மறைவது நாம் நிற்கும் விதத்தால். கேமராவைக் கண்டதும் பலர் முகவாயைப் பின்னுக்கு இழுக்கிறார்கள், கழுத்துச் சதை மடிகிறது. உச்சந்தலையை யாரோ நூல்கட்டி மேலே இழுப்பதாக நினைத்து நிமிருங்கள். பிறகு நெற்றியை ஒரு விரற்கடை கேமராவை நோக்கி நீட்டி, முகவாயை இம்மி தாழ்த்துங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், படத்தில் தாடைக்கோடு தெளிவாக விழும். உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முகத்தை மட்டும் கேமரா பக்கம் கொண்டுவாருங்கள். லென்ஸ் கண்மட்டத்துக்கு நாலு விரல் மேலே இருந்தால் போதும். அதற்கும் மேலே போனால் நெற்றி பெருத்து உடல் குறுகிவிடும்.

இன்னொன்று. தேங்காயெண்ணெய்க் கை பட்ட லென்ஸ் படத்தையே புகைமூட்டமாக்கிவிடும். ஒவ்வொரு முறையும் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். நீங்களும் எங்கள் பக்கத்துக்காரராக இருந்தால், மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றையும் கவனியுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டினால் முடி முகத்தில் விழும். கிழக்குப் பார்த்து நின்றால் அதே காற்று முடியைப் பின்னால் ஒதுக்கிவிடும்.