கணிதமும் ஓவியமும் ஒரே தாளில்: நடுநிலை வகுப்புச் செயல்திட்டம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு இரண்டு பாடங்களும் சேர்ந்த செயல்திட்டம் வேண்டும். ஆறு பாடவேளைதான் கிடைக்கும். எதை எடுக்கலாம்?

பதில்: ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வைத்து, இடைவெளியும் மேற்படிவும் இல்லாமல் தாளை நிரப்பும் வேலையை எடுங்கள். முதல் பாடவேளையில் எந்த வடிவங்கள் நிரப்பும், எவை நிரப்பா என்பதை மாணவர்கள் அட்டை வெட்டி வைத்துப் பார்க்கட்டும். ஒரு புள்ளியைச் சுற்றி வந்து சேரும் கோணங்களின் கூடுதல் 360 பாகையாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர்களே வந்துவிடுவார்கள்.

இரண்டாம் பாடவேளையில் 6 செ.மீ. சதுர அட்டை ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்து, இடப் பக்கத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதைத் திருப்பாமல் அதே உயரத்தில் வலப் பக்கத்துக்கு நகர்த்தி ஒட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நிகழ்கின்றன: துண்டைப் புரட்டி ஒட்டிவிடுவார்கள், அல்லது சற்று மேலோ கீழோ ஒட்டிவிடுவார்கள். ஆகவே வெட்டுவதற்கு முன்பே அட்டை முழுவதும் மேல்நோக்கிய சிறு அம்புக்குறிகளைப் போடச் செய்யுங்கள். ஒட்டிய பிறகு ஓர் அம்பு மறைந்திருந்தால் துண்டு புரண்டிருக்கிறது, சாய்ந்திருந்தால் சுழன்றிருக்கிறது. உயரம் மாறியதை அம்பு காட்டாது. அடுத்தடுத்து இரண்டு வடிவங்களை வரைந்து பார்க்கும்போது, ஓரத்தில் ஊசிபோன்ற இடைவெளி தென்பட்டால் அதுதான் காரணம்.

மூன்றாம் பாடவேளை சோதனை வரிசைக்கும் கணக்குத் தாளுக்கும் உரியது. அடுத்த இரண்டில் 24 செ.மீ.க்கு 36 செ.மீ. தாளில் இறுதிப் படைப்பை முடிக்கலாம். பரப்பளவுக் கணக்கில் 24 வடிவங்களுக்கு இடம் இருக்கிறது; வல ஓரத்தில் தாளுக்கு வெளியே நீளும் பகுதிகள்தான் இட ஓரத்தில் விழும் பள்ளங்களுக்கு ஈடு. ஆறாவது பாடவேளையை மதிப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். படைப்பு முடியவில்லை என்று அதைக் கரைத்துவிட வேண்டாம்.

கேள்வி: படைப்பு ஒன்றுதான். மதிப்பெண்ணை இரு பாடத்துக்கும் பாதி பாதியாகப் பிரித்துவிடலாமா?

பதில்: கூடாது. பாதி பாதியாகப் பிரித்தால், வண்ணம் நன்றாகத் தீட்டிய மாணவர் கணிதத்திலும் மதிப்பெண் பெற்றுவிடுவார். ஒவ்வொரு பாடத்துக்கும் தனிச் சான்று, தனி மதிப்பீட்டு அட்டவணை, தனிப் பதிவு வேண்டும். இரண்டையும் கூட்டி ஓர் எண்ணாக்கக் கூடாது. இதை இன்னும் பல முறை சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கணிதத்துக்குரிய சான்று தனித்தனியாக எழுதிய கணக்குத் தாள். ஒரு மாணவி இடப் பக்கத்தில் 4 செ.மீ. அடிப்பக்கமும் 1.5 செ.மீ. உயரமும் உள்ள இருசமபக்க முக்கோணத்தை வெட்டி வலப் பக்கத்தில் ஒட்டினாள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய 3 ச.செ.மீ. அப்படியே திரும்பி வந்து சேர்வதால் பரப்பளவு 36 ச.செ.மீ. ஆகவே நிற்கிறது. முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களும் 2.5 செ.மீ. என்பதால், இடப் பக்க நீளம் 2 + 5 = 7 செ.மீ. ஆகிறது, வலப் பக்கமும் அவ்வாறே. ஆக, 24 செ.மீ.யாக இருந்த சுற்றளவு 26 செ.மீ. ஆகிவிட்டது. வடிவம் பெரிதாகத் தெரிவதால் பரப்பளவும் கூடிவிட்டது என்று எழுதுபவர்கள் வகுப்புக்கு வகுப்பு இருப்பார்கள், அந்த எண்ணத்தை வெளிக்கொணர்வதற்காகவே இக்கேள்வி. இதனுடன், குறியிட்ட வடிவத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இடப்பெயர்வை ‘வலப்புறம் 12 செ.மீ., மேல்நோக்கி 6 செ.மீ.’ என்று எழுதச் சொல்லுங்கள். கடைசிப் பாடவேளையில், தவறாக ஒட்டிய அட்டை ஒன்றைக் கொடுத்து, அது ஏன் தாளை நிரப்பாது என்று விளக்கச் சொல்லுங்கள். பக்கத்து மாணவரைப் பார்த்து வரைந்தவர் இங்கே தெரிந்துவிடுவார்.

ஓவியத்துக்குரிய சான்றில் முதலாவது முன்வரைவுகள். அதே வெளிக்கோட்டைப் பல திசைகளில் திருப்பிப் பார்த்து, குறைந்தது மூன்று உருவங்களைத் தேடியிருக்க வேண்டும். அடுத்தது அருகருகே உள்ள உருவங்கள் பிரிந்து தெரிகின்றனவா என்பது. படைப்பைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகி உருவங்கள் காணாமற்போனால், மாணவர் நிறத்தை மாற்றியிருக்கிறாரேயொழிய ஒளிர்வை மாற்றவில்லை. கோடு பிசகாத சுத்தத்துக்கு நான் மிகக் குறைவாகவே மதிப்பெண் ஒதுக்குவேன்.

கேள்வி: வரைய வராத மாணவருக்குக் கணித மதிப்பெண்ணும் குறையுமா?

பதில்: சான்றுகள் தனித்தனி என்றால் குறையாது. மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, முக்கோணம், சதுரம், அறுகோணம் தவிர வேறெதுவும் தளத்தை நிரப்பாது, ஐங்கோணம் நிரப்பவே நிரப்பாது என்று மாணவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். சரிதானே?

பதில்: ஒழுங்கு வடிவங்களுக்கு மட்டும் சரி. ஒழுங்கு ஐங்கோணத்தின் கோணம் 108 பாகை. மூன்று சேர்ந்தால் 324, நான்கு சேர்ந்தால் 432, ஆகவே 360 கிடைக்காது. ஆனால் எந்த முக்கோணமும் நிரப்பும்; எந்த நாற்கரமும், பக்கத்தின் நடுப்புள்ளியைச் சுற்றி 180 பாகை சுழற்றினால் நிரப்பும்.

அவரே மீண்டும்: நாற்கரத்தை ஏற்கிறேன். ஐங்கோணத்தை ஏற்க மனம் வரவில்லை. என் மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு வடிவங்களை வைத்துப் பார்த்தும் இடைவெளி விழுந்தது.

பதில்: அவர்கள் வைத்துப் பார்த்தது ஒழுங்கு ஐங்கோணமாக இருக்கும். ஒரு சதுரத்தின் மேல் முக்கோணக் கூரை வைத்த வீட்டு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஐங்கோணம்தான். வீடுகளை வரிசையாக நிறுத்தி, கூரைகளுக்கு இடையிலான பள்ளங்களில் தலைகீழ் வீடுகளைச் செருகினால் தாள் நிரம்பிவிடும். இணையான இரண்டு பக்கங்கள் உள்ள குவிந்த ஐங்கோணம் எதுவானாலும் நிரப்பும்.

இதைச் சற்று நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. தளத்தை நிரப்பும் குவிந்த ஐங்கோணங்கள் மொத்தம் 15 வகை. அவற்றில் நான்கு வகைகளை 1970களில் கண்டுபிடித்த மார்ஜரி ரைஸ், பள்ளிக்கு மேல் கணிதம் படிக்காத இல்லத்தரசி. பட்டியல் இத்துடன் முடிந்தது என்பதை மிக்கேல் ராவ் 2017-இல்தான் கணினி உதவியுடன் நிறுவினார். இத்தனை காலம் திறந்திருந்த கேள்விக்கு வகுப்பில் ‘நிரப்பவே நிரப்பாது’ என்று கதவைச் சாத்திவிடாதீர்கள்.

கேள்வி: என் மகள் வட்டத்துக்குள் எட்டு இதழ்ப் பூ வரைந்தாள். இதுவும் தளம் நிரப்புவதுதானே?

பதில்: அல்ல. அது ஒரு மையத்தைச் சுற்றி 45 பாகைக்கு ஒருமுறை திரும்ப வரும் சுழல் சமச்சீர். நல்ல வேலைதான், ஆனால் அதற்குக் கணக்குத் தாள் வேறு விதமாக அமைய வேண்டும்.

கேள்வி: குழுவாகச் செய்தால் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போடலாமா?

பதில்: படைப்பைக் குழுவாகச் செய்யலாம். கணக்குத் தாளும் முன்வரைவும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். தனிச் சான்று என்று முன்பே எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் மேலே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: ஓவிய ஆசிரியராகக் கேட்கிறேன். எந்த வடிவத்துக்கு எந்த நிறம் என்பது முழுக்க எங்கள் பாடம். கணித ஆசிரியர் அதற்கும் மதிப்பெண் போடுகிறாரே?

பதில்: இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. சதுரத்திலிருந்து, அதன் மூலைகளைத் தொடாமல், பிறந்த வடிவங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கினால், பக்கம் பகிர்பவை ஒரே நிறமாகாமலிருக்க இரண்டு நிறங்கள் போதும். அறுகோணத்திலிருந்து பிறந்தவற்றுக்கு ஒவ்வொரு மூலையிலும் மூன்று சந்திப்பதால் மூன்று நிறங்கள் தேவை. ஏன் என்று விளக்குவது கணிதம். எந்த இரண்டு, எந்த மூன்று என்பது உங்களுடையது.

அவரே மீண்டும்: ஒரு மாணவி வேண்டுமென்றே ஒரே ஒரு வடிவத்தை மட்டும் மூன்றாம் நிறத்தில் தீட்டினாள். என் கணக்கில் வகுப்பிலேயே சிறந்த படைப்பு அது. கணித ஆசிரியர் ஒழுங்கு தவறியது என்று குறைத்துவிட்டார்.

பதில்: இரண்டு நிறம் ஏன் போதும் என்று அவள் கணக்குத் தாளில் சரியாக எழுதியிருந்தால், கணிதத்தில் குறைப்பதற்கு இடமே இல்லை என்பது என் கருத்து. எழுதவில்லையென்றால், அவள் தெரிந்து மீறினாளா, தெரியாமல் விட்டாளா என்பது படைப்பை மட்டும் பார்த்துத் தெரியாது. ஓவியக் குறிப்பில் எழுதிய காரணத்தைக் கணிதச் சான்றாக ஏற்கலாமா என்பதில் எனக்கும் உங்கள் கணித ஆசிரியருக்கும் கருத்து வேறுபடலாம். நான் ஏற்பேன், அவர் மறுப்பதற்கும் நியாயம் இருக்கிறது. அதைப் படைப்பு கைக்கு வருமுன், அட்டவணை எழுதும்போதே நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும்.